உஷார்! ‘வைஃபை மட்டும்’ என்று போட்டிருந்தும் கேம் உங்கள் டேட்டாவைத் தின்னும்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. பெட்ரோல் பங்கில் 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். பங்க் பையன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். கடைசியில் பர்ஸைத் துழாவி, பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்துவிட்டு ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்தால், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: இன்றைய டேட்டா 100 சதவீதம் தீர்ந்துவிட்டது.

ஒன்றரை ஜிபி. நாள் கணக்கு ஆரம்பிப்பதே இரவு 12 மணிக்கு. நான் விழித்ததே ஆறரைக்கு. வாட்ஸ்அப்பில் ஒரு ‘குட் மார்னிங்’ படம்கூட இன்னும் திறக்கவில்லை. பிறகு யார் தின்றது?

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன்தான் காரணம் என்று ஊகிப்பது சுலபம். ஆனால் அவன்மேல் முழுப்பழியும் போட முடியாது. ப்ளே ஸ்டோரில் ‘அப்டேட்டெல்லாம் வைஃபையில் மட்டும்’ என்று நானே செட்டிங் போட்டு வைத்திருந்தேன். அதைப் பெருமையாக நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருந்தேன். முந்தின இரவு அவன் என் போனில் கேமைத் திறந்தான். புது சீசன் வந்திருந்தது. “மாமா, டவுன்லோட் ஓடுது, தொட்டுறாதீங்க” என்று சொல்லி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். வைஃபையும் இருந்தது, சார்ஜும் இருந்தது. எல்லாம் முறைப்படிதான்.

பதினொன்றே முக்காலுக்கு என் மனைவி, தினமும் செய்வதுபோல, ஹாலில் ரவுட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அங்கேதான் கதை மாறியது. கேமுக்கு மொத்தம் 2.3 ஜிபி வர வேண்டும். வைஃபையில் வந்தது அரை ஜிபிதான். வைஃபை போனதும் போன் தன் பாட்டுக்கு மொபைல் டேட்டாவுக்குத் தாவியது. முந்தின நாள் மிச்சம் இருந்த 200 எம்பி முதலில் போனது. 12 மணி அடித்ததும் புது நாளின் ஒன்றரை ஜிபி அப்படியே சுடச்சுடப் பரிமாறப்பட்டது. அதுவும் தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியபோது மிச்சம் சுமார் 100 எம்பி. அந்த நத்தை வேகத்தைக் கேமால் தாங்க முடியவில்லை. காலையில் பார்க்கும்போது 95 சதவீதத்தில் பட்டை நின்றிருந்தது, நடுவில் ‘Retry’ என்று ஒரு பெட்டி. போன் பின்பக்கம் தோசைக்கல் மாதிரி இருந்தது.

64 கேபிபிஎஸ் என்றால் என்னவென்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 8 கிலோபைட். ஒரு ஜிபி இறங்க 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று முழுவதும் என் போன் அந்த வேகத்தில்தான் ஓடியது.

ப்ளே ஸ்டோர் செட்டிங் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. இந்தத் திருட்டு அதன் வாசல் வழியாக நடக்கவில்லை. பெரிய கேம்களுக்கு இரண்டு வாசல் உண்டு. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

முதல் வாசல் ஸ்டோர். அங்கிருந்து வருவது கேமின் அடிப்படைக் கட்டுமானம். இரண்டாவது வாசல் கேமுக்குள்ளேயே இருக்கிறது. புது மேப், புது உடை, குரல், இசை எல்லாம் ‘ரிசோர்ஸ்’ என்ற பெயரில் கேம் கம்பெனியின் சொந்த சர்வரிலிருந்து நேராக இறங்கும். ஸ்டோர் என்பது கடையைக் கட்டிக்கொடுத்த கொத்தனார் மாதிரி. சரக்கு முதலாளியின் சொந்த லாரியில் வருகிறது. லாரி எந்த ரோட்டில் வர வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி என்ன பயன்? கம்பெனிகள் இப்படிச் செய்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு புது சட்டைக்கும் ஸ்டோரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் கேமின் அளவும் சிறியதாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதைப் போனே காட்டிக்கொடுக்கும். ஆண்ட்ராய்டில் Settings போய், நெட்வொர்க் பகுதியில் ‘App data usage’ அல்லது ‘Data usage’ என்று இருப்பதைத் திறங்கள். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும்; மேலே தேடும் கட்டத்தில் data usage என்று அடித்தால் வந்துவிடும். மொபைல் டேட்டாவை எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாக நிற்கும். Google Play Store பெயரில் பெரிய தொகை இருந்தால் திருட்டு முதல் வாசலில். கேமின் பெயரிலேயே இருந்தால் இரண்டாவது வாசலில். கேமின் பெயரைத் தொட்டால் Foreground, Background என்று பிரித்தும் காட்டும். என் போனில் கேமின் கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் Foreground-இல் இருந்தது. அதாவது கேம் திரையில் திறந்திருந்தபோது போனது. சும்மா ஆன்லைனில் விளையாடியதற்கு இவ்வளவு ஆகாது. ஒரே இரவில் ஜிபி கணக்கில் எகிறியிருந்தால் அது டவுன்லோடுதான்.

முதல் வாசலைச் சீக்கிரம் பூட்டிவிடலாம். ப்ளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, Settings, அதற்குள் ‘Network preferences’. அங்கே ‘Auto-update apps’ என்பதில் ‘Over Wi-Fi only’. இதுவரை எல்லோரும் செய்வதுதான். அதே பக்கத்தில் ‘App download preference’ என்று இன்னொன்று இருக்கிறது. இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, தானாக நடக்கும் அப்டேட்டுக்கு மட்டும். பையன் பொறுமையில்லாமல் பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்தினால் அது இரண்டாவதன் கணக்கு. அதையும் ‘Over Wi-Fi only’ அல்லது ‘Ask me every time’ என்று மாற்றி வையுங்கள்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் அப்டேட் ஆக வேண்டும் என்பதற்குத் தனி பொத்தானைத் தேடாதீர்கள். அது ஸ்டோரின் வழக்கத்திலேயே இருக்கிறது. போன் வைஃபையில் இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் நோண்டாமல் சும்மா கிடக்க வேண்டும், அப்டேட் ஆக வேண்டிய ஆப் திரையில் திறந்திருக்கக் கூடாது. இந்த நாலும் கூடினால்தான் தானியங்கி அப்டேட் கிளம்பும். அதனால்தான் கேமைத் திறந்தபடியே சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் ஸ்டோரிலிருந்து எதுவும் வந்திருக்காது. ‘வைஃபை இருந்தும் அப்டேட் ஆகல’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இன்னொன்று, புது வெர்ஷன் வந்த அன்றே வரிசையில் சேராமல் ஒரு நாள் தள்ளியும் வரலாம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்த ஒரு நாள் ஒரு யுகம்.

ஆனால் அந்த யுகத்துக்கு ஒரு லாபமும் உண்டு. 2016 டிசம்பரில் கூகுள் ஒரு புது உத்தியை அறிவித்தது. பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பி, போனிலேயே ஒட்டுப்போட்டு முழு ஆப்பையும் கட்டிக்கொள்ளும் முறை. அப்டேட்டின் அளவு முழு ஆப்பைவிடச் சராசரியாக 65 சதவீதம் குறைகிறது என்றார்கள். ஆனால் ஒட்டுப்போடும் வேலைக்குப் போனின் பிராசஸர் நிறைய உழைக்க வேண்டும். அதனால் இதை இரவில் சார்ஜில் கிடக்கும்போது நடக்கும் தானியங்கி அப்டேட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவசரப்பட்டுக் கையால் அழுத்துகிறவருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை என்றார்கள். இதை என் மருமகனிடம் சொன்னேன். “அதுக்கு நாளைக்கு வரைக்கும் வெயிட் பண்ணணுமா?” என்றான்.

சரி, இரண்டாவது வாசல். உண்மையான ஆபத்து இங்கேதான்.

பலரும் உடனே கேமின் ‘Background data’ பொத்தானை அணைப்பார்கள். அணையுங்கள், தப்பில்லை. ஆனால் கேம் திரையில் திறந்திருக்கும்போது நடக்கும் டவுன்லோடை அது தொடாது. பின்னணியில் ஓடுவதைத்தான் தடுக்கும். என் வீட்டில் நடந்தது முழுக்க முன்னணியில். சில கேம்கள் ‘இவ்வளவு எம்பி, மொபைல் டேட்டாவில் இறக்கட்டுமா?’ என்று கேட்கும். அதில் ‘OK’ அழுத்தாத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை. அதைவிட மோசம், தொடங்கும்போது வைஃபை இருந்துவிட்டால் பாதியில் நெட்வொர்க் மாறினாலும் மறுபடி கேட்காமல் போகும் கேம்கள். எனக்கு வாய்த்தது அந்த ரகம்.

சில போன்களில் ஆப் வாரியாக மொபைல் டேட்டாவையே வெட்டிவிட முடியும். ரெட்மி, போக்கோ வகைகளில் கேமின் ஐகானை அழுத்திப் பிடித்து ‘App info’ போனால் ‘Restrict data usage’ என்று இருக்கும். அதில் வைஃபைக்கு ஒரு டிக், மொபைல் டேட்டாவுக்கு ஒரு டிக். இரண்டாவதை எடுத்துவிட்டால் கேம் திறந்திருந்தாலும் சிம் டேட்டாவைத் தொட முடியாது. வேறு பல கம்பெனி போன்களிலும் இந்த ஏற்பாடு வெவ்வேறு பெயரில் உண்டு. ஐபோனிலும் உண்டு. Settings-இல் ‘Mobile Data’ பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு பொத்தான் இருக்கும், கேமுக்கானதை அணைத்துவிடலாம். இதில் ஒரு சங்கடம்: வெளியூர் பஸ்ஸில் போகும்போது விளையாடவும் முடியாது. என் கணக்கில் அது சங்கடமே இல்லை. வீட்டில் வேறு அபிப்பிராயம் இருக்கிறது.

உங்கள் போனில் அந்த வசதி இல்லையென்றால், கேம் டவுன்லோட் ஓடும் இரவில் மொபைல் டேட்டாவை மொத்தமாக அணைத்துவிடுங்கள். மேலிருந்து இழுத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். “ராத்திரி யாராவது அவசரமா கூப்பிட்டா?” என்று என் அம்மா கேட்டாள். அழைப்பு வரும். டேட்டாவை அணைத்தால் போன் கால் நிற்காது. வாட்ஸ்அப்பும் வைஃபை இருக்கும்வரை வரும். வைஃபை போனால் டவுன்லோட் அந்த இடத்திலேயே நிற்கும், அவ்வளவே.

இன்னொரு பொறி இருக்கிறது, இது ரொம்ப நைசான பொறி. வைஃபை என்றால் வீட்டு ரவுட்டர் என்று நாம் நினைக்கிறோம். போனுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. அப்பா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொடுத்தால் மகன் போனுக்கு அதுவும் வைஃபைதான். ‘வைஃபை மட்டும்’ என்ற செட்டிங் அங்கே அப்பாவின் டேட்டாவைத் தின்னக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது ‘இது அளந்து தரும் டேட்டா’ என்று ஒரு சைகை தானாகப் போவதுண்டு. எல்லா ஜோடிக்கும் அது வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். சிம் போட்டு ஓட்டும் பாக்கெட் ரவுட்டர்களில் நிச்சயம் நம்பாதீர்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபடியே வைஃபை பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு, ‘Network usage’ என்பதில் ‘Treat as metered’ என்று மாற்றுங்கள். அந்த ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை இப்படிச் சொல்லி வைத்தால் போதும், போன் நினைவில் வைத்துக்கொள்ளும். தானியங்கி அப்டேட் அதன்பிறகு அதைச் சிம் டேட்டா மாதிரியே நடத்தும். ஐபோனில் அதே இடத்தில் ‘Low Data Mode’ என்ற பொத்தான். ஆனால் கேமுக்குள் நடக்கும் டவுன்லோட் இந்தச் சைகையை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது புது சீசனைத் திறக்காமல் இருப்பதே உத்தமம்.

ஐபோன்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஆப் ஸ்டோரின் செட்டிங் பக்கத்தில் ‘Mobile Data’ தலைப்பின் கீழ் ‘Automatic Downloads’ அணைந்திருக்கிறதா பாருங்கள். ‘App Downloads’ என்பதில் ‘Ask If Over 200 MB’ என்று இருந்தால், 200 எம்பிக்குக் கீழே உள்ளது கேட்காமலே இறங்கும் என்று அர்த்தம். ‘Always Ask’ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம், ஏனென்றால் பெரிய விபத்து அதற்குப் பிறகுதான் நடக்க இருந்தது. 95-இல் நின்ற பட்டையைப் பார்த்துப் பையனுக்கு எரிச்சல். நண்பன் யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி ‘App info’ போய், ‘Clear storage’ மேல் விரலை வைத்துவிட்டான். நல்லவேளை, கையைப் பிடித்தேன். அதை அழுத்தியிருந்தால் இறங்கிய 2.2 ஜிபி மட்டுமல்ல, அந்தக் கேம் ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த ரிசோர்ஸ் எல்லாமே அழிந்து, முதலிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். கேமை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் அதே கதிதான். பாதியில் நின்றால் செய்ய வேண்டியது, கேமை முழுக்க மூடிவிட்டு, நல்ல வைஃபையில் மறுபடி திறந்து ‘Retry’ அழுத்துவதுதான். பெரும்பாலான கேம்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்களுக்கும் தொடர்ந்தது, மிச்ச 100 எம்பி சில நிமிஷத்தில் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால், அடுத்த பெட்டி: இடம் போதவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். இறங்குவது சுருட்டிக் கட்டிய மூட்டை. அதைப் பிரித்து அடுக்கும்போது மூட்டையும் இருக்கும், பிரித்த சரக்கும் இருக்கும். இரண்டுக்கும் இடம் வேண்டும். 2.3 ஜிபி பேட்ச் என்றால் குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு, ஐந்து ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. என் போனில் மூன்றுகூட இல்லை. இடம் இல்லாமல் பிரிக்கும் கட்டத்தில் கேம் தோற்றுப்போனால், சிலது மூட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முழுவதையும் இறக்க ஆரம்பிக்கும். ஒரே பேட்சுக்கு இரண்டு முறை டேட்டா போவது இப்படித்தான். பழைய கல்யாண வீடியோக்களைக் கணினிக்கு மாற்றி இடம் பண்ணினேன்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டோர் அப்டேட் திரை அணைந்த நிலையில் அமைதியாக நடக்கும். கேமுக்குள் நடக்கும் டவுன்லோட் அப்படி இல்லை. திரை எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் கேமின் அலங்காரக் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் சார்ஜ் வேறு ஏறும். மூன்று சூடும் ஒன்றாகச் சேரும். அதைத் தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ ரப்பர் கவரோடு வைப்பது பேட்டரிக்குக் கொள்ளி வைப்பது மாதிரி. கவரைக் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, மேஜை மேலோ தரையிலோ வையுங்கள். முடிந்தால் இந்த டவுன்லோடைத் தூங்கும் நேரத்துக்கு விடாமல், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். இரவு முழுக்க விடலாம் என்பது ஸ்டோர் அப்டேட்டுக்குத்தான் பொருந்தும்.

இப்போது எங்கள் வீட்டில் புது சீசன் வந்தால் முதல் இரவு கேமைத் திறக்கவே கூடாது. மூடிய போன் சார்ஜில் கிடக்கும், ஸ்டோர் தன் பங்கைச் சுருக்கமாக இறக்கிக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, சார்ஜில் செருகி, கவர் இல்லாமல் டிவி மேஜையில் வைத்துக் கேமைத் திறப்போம். சாப்பாடு முடிவதற்குள் உள்சரக்கும் இறங்கிவிடும். பிறகு டேட்டாவை மறக்காமல் போட வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டு, மறுபடி அதே பங்கில் அதே பையன் முன்னால் வட்டம் சுற்றியது.

ரவுட்டர் சுவிட்ச் பக்கத்தில் மருமகன் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: “அத்தை, அப்டேட் இருந்தா நான் சொல்றேன், அன்னைக்கு மட்டும் அணைக்காதீங்க.” அவன் ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. சீட்டு அப்படியே இருக்கிறது. ரவுட்டரும் தினம் பதினொன்றே முக்காலுக்கு அணைந்துகொண்டுதான் இருக்கிறது.